முழுச் சாவி கொடுத்தால் வாட்ச் கெடுமா?

"ரொம்பச் சாவி கொடுக்காதே, ஸ்பிரிங் அறுந்துடும்." கைக்கடிகாரம் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை பழக்கமானது. தாத்தா தினமும் காலையில் எண்ணிப் பத்துச் சுற்றுதான் சுற்றுவார். பேரன் கையில் வாட்ச் கிடைத்தால் அதுவும் கிடையாது. இன்று பழைய எச்.எம்.டி. வாட்ச்களைத் தேடி வாங்கும் இளைஞர்களிடமும் அதே பயம் இருக்கிறது. குமிழைத் திருகும் விரல், கொஞ்சம் இறுக்கம் தெரிந்ததுமே நின்றுவிடுகிறது.

பயந்து குறைவாகச் சாவி கொடுப்பதுதான் இதில் தவறு. நல்ல நிலையில் இருக்கும் வாட்ச்சுக்கு விரலால் சாவி கொடுக்கும்போது அளவு மீறிக் கொடுப்பது என்ற ஒன்று நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதற்கு, கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஒரு காரணமும் ஆட்டோமேட்டிக்கில் வேறொரு காரணமும் உண்டு. இரண்டும் ஒரு சிறிய வட்டப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

அந்தப் பெட்டிக்கு பேரல் என்று பெயர். வாட்ச்சைத் திறந்தால், ஓரத்தில் பற்கள் வெட்டிய தட்டையான டப்பாபோலத் தெரியும். அதற்குள் மெயின் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம், ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அகலம், பிரித்து நீட்டினால் ஓர் அடி அல்லது அதற்கும் கொஞ்சம் கூடுதலான நீளம் கொண்ட உலோக நாடா அது. அதன் உள்முனை பேரலின் நடுவில் இருக்கும் அச்சில் மாட்டியிருக்கும். வெளிமுனை பேரலின் உட்சுவரைப் பற்றியிருக்கும். நாம் குமிழைத் திருகும்போது அதோடு சேர்ந்த தண்டு சுழல்கிறது. அந்தச் சுழற்சி இரண்டு மூன்று பற்சக்கரங்கள் வழியாக அச்சுக்குப் போக, ஸ்பிரிங் சுவரை விட்டு விலகி அச்சைச் சுற்றி இறுகத் தொடங்குகிறது. அச்சு பின்வாங்கிவிடாமல் கிளிக் என்ற சிறிய நாக்கு, சக்கரத்தின் பற்களில் விழுந்து தடுக்கிறது. சாவி கொடுக்கும்போது கேட்கும் 'கிர் கிர்' ஓசை அந்த நாக்கு பல்லுக்குப் பல் தாண்டுவதுதான். விரல் பின்னோக்கி வரும்போது எழும் மெல்லிய ஓசை வேறு. அது தண்டில் இருக்கும் இரண்டு சாய்பல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் வருவது. ஆகவே விரலை எடுத்து எடுத்துத் திருகினாலும் சரி, எடுக்காமல் முன்னும் பின்னும் உருட்டினாலும் சரி, வாட்ச்சுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து வந்த வாட்ச் அது. 17 கல், கையால் மட்டுமே சாவி. அதன் ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் நிலையாக மாட்டப்பட்டிருக்கிறது. முற்றிலும் ஓய்ந்து நின்ற வாட்ச்சைத் திருகத் தொடங்கினால் முதலில் இறுக்கமே தெரியாது. இருபது சுற்றைத் தாண்டியதும் விரலுக்கு மெல்ல எதிர்ப்பு வரும். கடைசி மூன்று நான்கு சுற்றுகளில் அது தெளிவாகக் கூடும். பிறகு குமிழ் நின்றுவிடும். ஸ்பிரிங்கின் எல்லாச் சுற்றுகளும் அச்சோடு ஒட்டிவிட்டன, இனிச் சுற்றுவதற்கு நாடாவே மிச்சமில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த நிலைக்காகவே ஸ்பிரிங் செய்யப்பட்டிருக்கிறது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. குமிழ் நின்ற இடத்தில் விரலை எடுத்தால் அது ஒரு நூலளவு பின்னுக்கு வருவதைப் பல வாட்ச்களில் உணரலாம். கிளிக் நாக்கை வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக வடிவமைத்திருப்பதால் வரும் அசைவு அது. உச்சத்தில் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, அதன் பிறகே நாக்கு பல்லில் உட்காருகிறது. முழுச் சாவியைத் தாங்குவதற்கு வாட்ச் செய்தவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை அந்த ஒரு நூல் அசைவில் தெரியும்.

அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. அவர்கள் இளமையில் பார்த்த ஸ்பிரிங்குகள் நீலநிறக் கார்பன் எஃகால் ஆனவை. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் இறுகித் தளர்ந்து களைத்துப்போகும். பிறகு ஒருநாள் நுண்ணிய விரிசலிலிருந்து அறுந்துவிடும். அறுவதற்கு வாய்ப்பு அதிகம் இருப்பது ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போதுதான். அதாவது சாவி கொடுத்த கையோடு, அல்லது அன்று இரவே. கடைசியாகத் திருகியவர் தலையில் பழி விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் துருப்பிடிக்காத கலப்பு உலோக ஸ்பிரிங்குகள் வந்த பிறகு இந்த அறுதல் மிகவும் அரிதாகிவிட்டது. எச்சரிக்கை மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் இன்றும் பலரை ஏமாற்றுகிறது. ஒருவர் ரிப்பேர் கடைக்கு வாட்ச்சைக் கொண்டுவருகிறார். "அதிகமாச் சாவி கொடுத்துட்டேன் போல, நின்னுபோச்சு. இப்போ திருகவே முடியலை" என்கிறார். நடந்தது தலைகீழ். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகி, அல்லது தூசி சிக்கி, சக்கரங்கள் ஓட முடியாமல் வாட்ச் நின்றிருக்கிறது. நின்றதைப் பார்த்தவர் ஓட வைக்கத் திருகியிருக்கிறார். ஓடாததால் மேலும் திருகியிருக்கிறார். ஸ்பிரிங் நிரம்பியதும் குமிழ் நின்றுவிட்டது. ஓடாத வாட்ச்சில் ஸ்பிரிங் தளர வழியில்லை. அதனால் எப்போது தொட்டாலும் குமிழ் இறுகியே இருக்கிறது. அந்த இறுக்கம் ஸ்பிரிங் நன்றாக இருப்பதற்குச் சான்று. கழுவி எண்ணெய் போட்டால் அதே ஸ்பிரிங்கோடு வாட்ச் ஓடும்.

ஸ்பிரிங் உண்மையாகவே அறுந்திருந்தால் குறி வேறு மாதிரி இருக்கும். குமிழ் எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகும், நிற்கும் இடம் வராது. திருகிய குமிழ் விரலை விட்டதும் தானாகப் பின்னுக்குச் சுழன்றால் பழுது கிளிக் நாக்கில். ஓசையே இல்லாமல் நழுவினால் தண்டையோ அதன் பற்களையோ பார்க்க வேண்டும். குமிழ் நின்ற பிறகும் இரண்டு விரலால் பிடித்து முரட்டுத்தனமாக முறுக்குபவர்கள் இவற்றில் எதையாவது உடைக்கலாம். ஆனால் அதற்கு நல்ல பலம் வேண்டும், நின்றுவிட்டது என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் குமிழ் நிற்பதே இல்லை. கை அசையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் அரைவட்ட எடை, அதாவது ரோட்டர், சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. நாள் முழுதும் கை அசைந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங் நிரம்பிய பிறகும் ரோட்டர் முறுக்குவதை நிறுத்தாது. வெளிமுனையைச் சுவரில் நிலையாக மாட்டியிருந்தால் எங்காவது ஏதாவது உடைந்தாக வேண்டும். அதனால் இதில் ஸ்பிரிங்கின் வெளிமுனையில் கனமான, வளைந்த ஒரு துண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. அது பேரல் சுவரை உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் சுவரோடு வழுக்கிச் சற்று நகர்ந்து மீண்டும் பற்றும். மிச்ச முறுக்கு அப்படிக் கழிந்துபோகும்.

இந்த வழுக்கும் ஸ்பிரிங்குக்கு 1863இல் காப்புரிமை பெற்றவர் அட்ரியன் ஃபிலிப், பாடெக் ஃபிலிப் நிறுவனத்தின் இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர். அவர் மனத்தில் இருந்தது ஆட்டோமேட்டிக் அல்ல. இரண்டு பேரல் கொண்ட சட்டைப்பைக் கடிகாரத்துக்கு ஒரே குமிழால் சாவி கொடுக்கும்போது, முதலில் நிரம்பும் பேரல் இரண்டாவது நிரம்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்காகச் செய்தார். அறுபது ஆண்டு கழித்து ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பிறந்தபோது அதே ஏற்பாடு தேவைப்பட்டது.

அந்தக் கைக்கடிகாரத்தை உருவாக்கிய ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட்டின் நோக்கம் சோம்பேறிகளுக்கு உதவுவதல்ல. வாட்ச்சுக்குள் தூசியும் ஈரமும் நுழையும் முக்கிய வழி குமிழின் தண்டு போகும் துளைதான் என்பதை அவர் கண்டார். தினமும் திருகும் தேவையை ஒழித்துவிட்டால் துளையையே ஒழித்துவிடலாம் என்று நினைத்தார். 1924இல் அவருக்கு ஸ்விட்சர்லாந்துக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய வாட்ச்சில் குமிழ் கிடையாது. முள்ளைத் திருப்பக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைச் சுழற்ற வேண்டும். எடை முழுவட்டம் சுற்றாமல் இருபக்கமும் மோதித் திரும்பும். முழுவட்டம் சுற்றும் ரோட்டரை 1931இல் ரோலெக்ஸ் கொண்டுவந்தது.

ஹார்வுட்டின் கவலை இன்றும் பொருந்தும் என்பதால்தான் சாவி கொடுக்கும் முறை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்குக்கு ஆபத்தில்லை. தண்டும் அதன் துளையும்தான் தேய்மானம் காணும் இடங்கள்.

கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சை முதலில் மணிக்கட்டிலிருந்து கழற்ற வேண்டும். கட்டியபடியே திருகினால் விரல் குமிழைக் கீழிருந்து நெம்பும். தண்டு துளையின் ஒரு பக்கத்தை மட்டும் உரசி, ஆண்டுகள் போகப் போகத் துளை நீள்வட்டமாகும். கழற்றி, கையில் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குமிழை நேராக உருட்டினால் போதும். தினம் ஒருமுறை, ஒரே நேரத்தில், குமிழ் தானாக நிற்கும்வரை கொடுக்க வேண்டும். காலை நேரம் நல்லது. ஸ்பிரிங் நிரம்பியிருக்கும்போது பேலன்ஸ் சக்கரம் அகலமாக ஆடும். அகலமாக ஆடும் சக்கரத்தைக் கையின் அதிர்ச்சிகள் அவ்வளவாகக் குலைக்காது. அந்த வலு பகலில், வாட்ச் கையில் இருக்கும் நேரத்தில் இருக்கட்டும்.

பத்துச் சுற்று கொடுக்கும் தாத்தாவின் கணக்கில் என்ன இழப்பு என்பதை எண்களால் பார்க்கலாம். முற்றிலும் ஓய்ந்த நிலையிலிருந்து 28 சுற்றில் நிரம்பி 40 மணி நேரம் ஓடும் ஒரு வாட்ச் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 24 மணி நேர ஓட்டத்துக்கு அது செலவழிப்பது ஏறக்குறைய 17 சுற்று. தினம் 10 சுற்று மட்டும் கொடுத்தால் நாளுக்கு ஏழு சுற்று கடன் சேர்கிறது. நிரம்பிய வாட்ச்கூட இரண்டாவது நாளே ஸ்பிரிங்கின் அடிப்பகுதிக்கு வந்துவிடும். அங்கே இழுவிசை குறைவு, பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் குறுகும், நேரம் பிசகும். பிறகு ஏதோ ஓர் இரவில் நிற்கும். "பழசாயிடுச்சு, நேரம் காட்டலை" என்று பெட்டிக்குள் போன பல வாட்ச்களுக்கு நடந்தது இதுவாகவே இருந்திருக்கும்.

அந்த 17 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஸ்பிரிங் தளரும் அளவைப் பற்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. எனவே 24 மணி நேரம் ஓடிய வாட்ச் எப்போதும் ஏறக்குறைய அதே அளவு சுற்றுகளைத்தான் கேட்கும். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் உங்கள் வாட்ச்சின் எண் தெரிந்துவிடும். ஒருநாள் சாவி கொடுக்க மறந்து, அது நின்றுபோனதைக் கண்டு திருகுகிறீர்கள், 28க்குப் பதில் 18இலேயே குமிழ் நின்றுவிடுகிறது என்றால், ஸ்பிரிங்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறுக்கு மிச்சம் இருக்கும்போதே வாட்ச் நின்றிருக்கிறது. அந்த மிச்ச வலுவால் சக்கரங்களைத் தள்ள முடியவில்லை. உள்ளே எண்ணெய் காய்கிறது, கழுவக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக்குக்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குமிழால் சாவி ஏறுமா என்பது. எல்லாவற்றிலும் ஏறாது. நம் ஊரில் பலர் கையில் பார்க்கும் சீக்கோ 5 வாட்ச்களில் நீண்ட காலம் இருந்த 7எஸ்26 இயந்திரத்தில் குமிழைத் திருகினால் ஸ்பிரிங் முறுகாது. நின்றுபோனதை அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி எழுப்பிக் கையில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் வந்த 4ஆர்36 இயந்திரத்தில் குமிழாலும் ஏற்றலாம். ஸ்விஸ் வாட்ச்கள் பலவற்றில் இருக்கும் ஈடிஏ 2824லும் அப்படியே.

கையால் ஏற்ற வசதியே இல்லாத ஆட்டோமேட்டிக் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் வைத்திருந்த வாட்ச் நல்ல சான்று. 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன அவருக்கு நாசா கொடுத்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். தன் சொந்த சீக்கோ 6139ஐயும் அவர் எடுத்துப்போனார். மஞ்சள் முகம் கொண்ட அந்த ஆட்டோமேட்டிக்கிலும் குமிழால் சாவி ஏறாது. ஈர்ப்பு விசையை உணர முடியாத இடத்தில் ரோட்டர் கீழே விழ முடியாதே, எப்படி முறுக்கும் என்ற ஐயம் எழலாம். கை திரும்பும்போது வாட்ச் கூடவே திரும்புகிறது. எடை கொண்ட ரோட்டரோ தான் இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையிலான அந்த வேறுபாடே ஸ்பிரிங்கை முறுக்கப் போதும். 84 நாள் பயணத்தில் அந்த வாட்ச் வேலை செய்தது.

பூமியில் இருக்கும் நமக்கு வரும் சிக்கல் வேறு. வாட்ச் கையில்தான் இருக்கிறது, ஆனால் கை அசைவதில்லை. மேசை முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் விசைப்பலகையைத் தட்டும் ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வாட்ச் கட்டியிருக்கிறார். இரவு கழற்றி வைத்தால் விடியற்காலையில் நின்றுவிடுகிறது. குறை வாட்ச்சிலா, பழக்கத்திலா? வீட்டிலேயே சோதிக்கலாம். 2824 போன்ற வாட்ச்சாக இருந்தால் குமிழை மெதுவாக 40 சுற்று கொடுத்து, நேரத்தைக் குறித்துவிட்டு, தொடாமல் மேசையில் வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை காலை எட்டுக்கு வைத்தது ஞாயிறு இரவு பத்து மணி சுமாருக்கு நின்றால் 38 மணி நேரம் ஓடியிருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு அதுதான் இயல்பு. ஸ்பிரிங்கும் சக்கரங்களும் நலம். இனிச் சந்தேகம் இரண்டு இடத்தில்தான்: கை போதிய அளவு அசையவில்லை, அல்லது ரோட்டரின் முறுக்கு ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து, நிறைய நடக்கும் ஒரு நாளில் காலையிலிருந்து இரவுவரை கட்டிப் பார்க்க வேண்டும். அன்றிரவு தாண்டி மறுநாளும் ஓடினால் வாட்ச்சில் பழுதில்லை. மேசை வேலை நாட்களில் காலையில் 15, 20 சுற்று கொடுத்துவிட்டுக் கட்டினால் தீர்ந்தது. மாறாக, சனிக்கிழமை வைத்தது ஞாயிறு காலைக்குள்ளேயே நின்றுவிட்டால் அது கடைக்குப் போக வேண்டிய வாட்ச்.

ஆட்டோமேட்டிக்கில் தினமும் கையாலேயே முழுதாக ஏற்றுவது மட்டும் வேண்டாம். ஸ்பிரிங் தாங்கும், மற்றவை தேயும். ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுக்கை ஒரே திசைக்கு மாற்றித்தரும் இரண்டு சிறிய சக்கரங்கள் 2824இல் உண்டு. குமிழால் ஏற்றும்போது அவை ரோட்டரை விட்டு விலகி நிற்க வேண்டும். எண்ணெய் காய்ந்தால் விலகாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது குமிழைத் திருகத் திருக உள்ளே ரோட்டரும் சேர்ந்து சுற்றும். பின்மூடி கண்ணாடியாக இருந்தால் கண்ணால் பார்க்கலாம், இல்லாவிட்டால் உள்ளே ஏதோ சுழலும் ஓசையும் அதிர்வும் உள்ளங்கைக்குத் தெரியும். தெரிந்தால் உடனே திருகுவதை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் அந்தச் சிறு சக்கரங்களின் பற்கள் போய்விடும். முறுக்கி மூடும் குமிழ் இருந்தால் அதன் மரையும் தேயும். தினம் தினம் திறந்து மூடுவதைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

அளவு மீறிய முறுக்கு என்று உண்மையிலேயே சொல்லத்தக்க ஒரு பழுது ஆட்டோமேட்டிக்கில் உண்டு. அதைச் செய்வது போட்டுக்கொண்டிருப்பவரின் விரல் அல்ல. பேரலுக்குள் வழுக்கும் துண்டுக்கு இயந்திரத்துக்கு ஏற்ற கிரீஸ் போட வேண்டும். சர்வீசின்போது தவறான கிரீஸ் போட்டாலோ, தேவைக்கு மேல் வலுவான ஸ்பிரிங் மாட்டினாலோ அந்தத் துண்டு வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காது. பேலன்ஸ் சக்கரத்துக்குப் போகும் விசை கூடிவிடும். முழுச் சாவியில் ஒரு பக்கம் 270 முதல் 310 பாகைவரை ஆட வேண்டிய சக்கரம் 330ஐத் தாண்டிப் போய், தன்னை உதைத்து அனுப்பிய நாக்கின் வெளிப்பக்கத்தில் மோதித் திரும்பும். மோதித் திரும்பும் ஒவ்வொரு ஆட்டமும் சீக்கிரம் முடிவதால் வாட்ச் முன்னோக்கி ஓடும், ஒரு நாளில் பல நிமிடம்கூட. காதில் வைத்தால் சீரான 'டிக் டிக்'குக்குப் பதில் குதிரைப் பாய்ச்சல்போல் தாளம் தப்பிக் கேட்கும். முழுதாக ஏறியிருக்கும்போது மட்டும் இப்படி ஓடிவிட்டு, இரவு கழற்றி வைத்துச் சில மணி நேரம் கழிந்ததும் வாட்ச் ஒழுங்குக்கு வந்துவிட்டால், சர்வீஸ் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோய் "பேரலைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லலாம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, சுவரைத் துடைத்து, சரியான கிரீஸை மீண்டும் வைத்தால் சரியாகிவிடும்.